தெரிந்தால் வேகவில்லை

ஜுருவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். உள்ளேயும் வெள்ளைதான், புதுமனை புகுந்த அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நண்பகலில் என் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வீட்டு வெளிச்சுவர் கண்ணைக் கூசவைக்கிறது. திறந்து கிடக்கும் சன்னல் மட்டும் கரி பூசிய கட்டம்போல் இருக்கிறது. உள்சுவர் வெள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சன்னல் கறுப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரை, கூரை, நான்கு சுவர்கள் எல்லாம் சேர்த்து 54 சதுர மீட்டர். சன்னல் 1 சதுர மீட்டர். தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பி அனுப்பும் நல்ல வெள்ளை. அப்படியிருந்தும் சன்னல் வழியாக உள்ளே போன வெளிச்சத்தில் நூற்றுக்கு ஏழு பங்குதான் அதே சன்னல் வழியாக வெளியே வருகிறது. மற்றதெல்லாம் சுவருக்குச் சுவர் மோதி, மோதும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உள்ளேயே தீர்ந்துபோகிறது. வெளிச்சுவர் எண்பதைத் திருப்பித் தருகிறது, சன்னல் ஏழைத் தருகிறது. ஏழு, எண்பதின் பக்கத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

நம் கண்ணின் கருமணியும் இப்படி ஒரு சன்னல்தான். அங்கே கறுப்பாக ஒரு பொருளும் இல்லை, இருப்பது ஒரு துளை. அதன் பின்னால் இருப்பது சிவந்த விழித்திரை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு சிறு கருவி செய்து, தான் பார்க்கும் கோட்டிலேயே ஒளியையும் உள்ளே அனுப்பியபோதுதான் உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அதுவரை அது எல்லாருக்கும் வெறும் கருமணி.

இந்தச் சன்னலையும் கருமணியையும் நான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதியை ஒரு துளையின் முன்னால் கழித்தவன் நான். பிறைப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் துண்டுகளைச் சூடாக்கி, சம்மட்டி எந்திரத்தின் அடியில் வைத்து, அச்சில் அடித்து வடிவெடுப்போம். சூடாக்கும் உலையின் பக்கச்சுவரில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பார்வைத்துளை. அதன் மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே பார்ப்பதும், பைரோமீட்டரைப் பிடித்துச் சூட்டைக் குறிப்பதும் என் வேலை.

உலை அணைந்து ஆறியிருக்கும் நாளில் அந்தத் துளை, எதிர்வீட்டுச் சன்னலைவிடப் பல மடங்கு கறுப்பு. அந்தக் கறுப்பையும் கணக்குப் பண்ணலாம். உலையின் உள்ளளவு இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். உட்பரப்பு மொத்தம் 10 சதுர மீட்டர். துளையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர், அதாவது உட்பரப்பில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே அடுக்கியிருக்கும் தீச்செங்கல், விழும் ஒளியில் நூற்றுக்கு நாற்பதை விழுங்கி அறுபதைச் சிதறடிக்கிறது என்று கொள்வோம். நூறு பங்கு ஒளி துளைக்குள் போகிறது. முதல் மோதலில் நாற்பது போய்விட்டது. சிதறிய அறுபதில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குத்தான் துளை எதிர்ப்படும். மற்றது வேறொரு செங்கலில் மோதி முப்பத்தாறாகிறது, பிறகு இருபத்தொன்றும் சொச்சமும் ஆகிறது. ஒவ்வொரு முறை தப்பியதையும் கூட்டினால் நூற்றில் 0.03 பங்குகூட முழுதாகத் தேறவில்லை. 99.97 உள்ளேயே அடங்கிவிட்டது.

செங்கல் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நூற்றுக்குப் பத்தை மட்டும் விழுங்கும் நல்ல வெண்செங்கலாக இருந்தாலும் அதே துளை 99.8ஐ விழுங்கிவிடும். கறுப்பைச் செய்வது செங்கல் என்பதைவிட, துளைக்கும் உட்பரப்புக்கும் உள்ள விகிதம் என்பதே சரி.

உலையைப் பற்றவைத்துவிட்டால் இதே கணக்கு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு விழுங்குமோ அந்த அளவுக்குத்தான் சூடானபின் ஒளியை உமிழவும் செய்யும். 1860இல் ஹைடெல்பெர்க்கில் இருந்த கிர்க்காஃப் இதை விதியாகச் சொன்னார். விழுந்ததையெல்லாம் விழுங்கும் பொருளுக்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடைக்காவிட்டாலும், எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் மூடிய ஒரு பொந்து அதற்கு ஈடாகும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். கரும்பொருள் உமிழ்வதை நூறு என்று வைத்தால், ஒரு பொருள் அதில் எத்தனை பங்கு உமிழ்கிறது என்பதே அதன் உமிழ்திறன்.

நம் தீச்செங்கல் தனியாக வெளியில் கிடந்து 1200 டிகிரியில் ஒளிர்ந்தால், அதன் உமிழ்திறன் 0.4. கரும்பொருள் தரும் ஒளியில் நூற்றுக்கு நாற்பதைத்தான் அது தரும். அதையே உலைக்குள் வைத்துப் பாருங்கள். தன் நாற்பதோடு, எதிர்ச்செங்கல் அனுப்பிய நாற்பதில் அறுபது விழுக்காட்டைத் திருப்பியும் அனுப்புகிறது. அது இருபத்துநான்கு. ஆக அறுபத்துநான்கு. எதிர்ச்செங்கல் அனுப்பியதிலும் அதற்கு அப்பாலுள்ள செங்கலின் பங்கு கலந்திருக்கிறது. அதனால் வருவது பதினான்கும் சொச்சமும். எழுபத்தெட்டு, எண்பத்தேழு, தொண்ணூற்றிரண்டு என்று ஏறிக்கொண்டே போய் நூறைத் தொடப்போகும் இடத்தில் நிற்கிறது. தான் உமிழாத குறையை, அண்டை செங்கல்களின் ஒளியைத் திருப்பி அனுப்பி நிரப்பிவிடுகிறது. எவ்வளவு குறைவாக உமிழ்கிறதோ அவ்வளவு அதிகமாகத் திருப்புகிறது, அதனால் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்றே. துளை வழியாகப் பார்ப்பவனுக்குத் தெரியும் இந்த மொத்த ஒளியிலிருந்து கிடைக்கும் உமிழ்திறனைத் தோற்ற உமிழ்திறன் என்கிறார்கள். எங்கள் உலைத்துளைக்கு அது 0.9997.

துளையைக் கூடுதல் ஆழமாக்கினால் இந்த எண் ஏறும், வாயை அகலமாக்கினால் இறங்கும். பளபளப்பு கொஞ்சம் மங்கிய எஃகில் ஐந்து மில்லிமீட்டர் துளையை முப்பது மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துரப்பணம் போட்டு, துண்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால், மேற்பரப்பில் 0.3 இருந்த உமிழ்திறன் துளையில் 0.94 ஆகிவிடும். மேலே வெறும் கீறலோ குழியோ மட்டும் இருந்தால் இரண்டாம், மூன்றாம் படியிலேயே கூட்டல் நின்றுவிடும். சூடேறிய இரும்பில் விழுந்த வெடிப்பு, சுற்றியிருக்கும் இடத்தைவிடப் பிரகாசமாகத் தெரிவதும் துளைக்குள் நடக்கும் இந்தக் கூட்டலால்தான். அங்கே சூடு கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். சூடு அதே சூடுதான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது பிறகு. முதலில் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். எங்கள் உலையில் எனக்கு முன்னவர், எல்லாருக்கும் அண்ணன். தோட்டத்தில் பிறந்தவர். பட்டறைக்கு வருமுன் மலாயவாத்தா இரும்பாலையில் இருந்தவர். 1967இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையின் ஊதுலை பால்மரக் கரியில் எரிந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் கரியாகி, அந்தக் கரி இரும்பை உருக்கியது. ஜப்பானின் யவாத்தா நிறுவனத்தின் பெயரும் மலாயாவின் பெயரும் சேர்ந்ததுதான் அந்த ஆலையின் பெயர். தான் சிறுவயதில் வாளி தூக்கிப் பால் சேர்த்த மரம் உலைக்குள் வெள்ளையாக எரிவதை, காற்றூதும் குழாயின் கடைசியிலிருந்த சின்னத் துளையில் நீலக் கண்ணாடி வைத்துப் பார்த்ததாக அண்ணன் சொல்வார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

நான் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைத் துளைக்கு முன்னால் நிறுத்தினார்.

“உள்ள சாமான் தெரியுதா தம்பி?”

“தெரியுதுண்ணே. வரிசையா ஆறு துண்டு.”

“அப்ப இன்னும் வேகல.”

அரைமணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். பார்த்தேன். ஆறு துண்டும் இல்லை. தரை, சுவர், இரும்பு எதற்கும் ஓரம் கிடையாது. மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரே ஒளி, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல. யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“ஒண்ணும் தெரியலண்ணே.”

“தெரியாது. தெரிஞ்சா வேகலேன்னு அர்த்தம். கதவத் தூக்கச் சொல்லு.”

கதவைத் தூக்கியதும் ஆறு துண்டும் வந்த இடம் தெரியாமல் வந்து நின்றன. திறந்த கதவு வழியாக ஒளி தப்பத் தொடங்கியதும் பொந்து பொந்தாக இல்லாமல் போய்விட்டது, பொருள்களுக்கு ஓரம் வந்துவிட்டது.

குயவர்கள் இதை எப்போதோ கண்டிருப்பார்கள். எழுத்தில் பதிந்தவர்களுள் ஆங்கிலேய மட்பாண்டக் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட் முக்கியமானவர். 1792இல் மண்பாண்டமும் உலோகமும் ஒரே சூட்டை எட்டியபோதே செந்நிறம் கொள்ளத் தொடங்குகின்றன என்று எழுதினார். இன்றைக்கும் சூளைக்குள் கூம்பு வைத்துச் சூடு பார்க்கும் மண்பாண்டக் கலைஞர்கள், கூம்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது பார்வைத்துளையில் மெல்ல ஊதுவார்கள். காற்று பட்ட கூம்பு ஒரு நொடி குளிரும், அந்த ஒரு நொடிக்கு அதன் வடிவம் தெரியும்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தபிறகும் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் நான் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டேன் என்பது பொய்யாகிவிடும்.

பட்டறைக்குப் புதிதாகக் கைப்பிடிப் பைரோமீட்டர் ஒன்று வந்தது. ஒரு மைக்ரான் அலைநீளத்தில் பார்ப்பது. பக்கவாட்டில் உமிழ்திறனைத் திருப்பி வைக்கும் திருகு. கூட வந்த கையேட்டில் பொருள் வாரியாகப் பட்டியல். துருவேறிய, செதிள் படிந்த எஃகுக்கு 0.8 என்று போட்டிருந்தது. எங்கள் துண்டுகள் செதிள் படிந்த எஃகுதானே? திருகை 0.8க்குத் திருப்பினேன். துளை வழியாகப் பார்த்தேன். 1234 டிகிரி காட்டியது. கூரையில் சொருகியிருந்த பழைய தெர்மோகப்பிள் 1200 என்றது. பழைய தெர்மோகப்பிள் நாளாவட்டத்தில் குறைத்துக் காட்டத் தொடங்கும் என்பது உண்மைதான். அதனால் புதிய கருவியை நம்பினேன். 1200 வேண்டிய இடத்தில் முப்பத்துநான்கு அதிகம் என்று உலையை இறக்கினேன். புதிய கருவி 1200 காட்டும்வரை இறக்கினேன். அப்போது உலைக்குள் உண்மையில் இருந்தது 1167.

எதுவும் வெடிக்கவில்லை, உடையவில்லை. இரண்டு நாள் கழித்து அச்சின் மூலைகள் நிரம்பாத துண்டுகள் வரத் தொடங்கின. மூலை கூர்மையாக வர வேண்டிய இடத்தில் மழுங்கி நின்றது. சம்மட்டிக்காரர் ஒரு அடி கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. சத்தமே மாறிவிட்டது என்றார் அவர். பிசைந்த மாவில் விழுந்ததுபோல் விழ வேண்டிய அடி, மரத்தில் விழுந்ததுபோல் விழுந்தது. குற்றம் அச்சில் என்று அச்சைக் கழற்றினார்கள். எஃகு வந்த சரக்கில் என்று சரக்கை மாற்றினார்கள். யாரும் என் திருகைப் பார்க்கவில்லை.

அண்ணன்தான் பார்த்தார். அவருக்கு அந்தக் கருவியை இயக்கத் தெரியாது. கையேட்டை என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். “செங்கலுக்கு என்ன நம்பர் போட்டிருக்கான்?” “0.4ண்ணே.” “இரும்புக்கு?” “0.8.” என்னைத் துளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “இப்ப செங்கலப் பாரு. இரும்பப் பாரு. ஏதாச்சும் ஓரம் தெரியுதா?” தெரியவில்லை. “ரெண்டும் ஒரே வெளிச்சமாத்தான இருக்கு? செங்கலப் பாக்குறப்ப 0.4 வெச்சு, இரும்பப் பாக்குறப்ப 0.8 வெச்சா, ஒரே வெளிச்சத்துக்கு ரெண்டு சூடு காட்டும்ல? எது நெசம்?”

நான் வாயடைத்து நின்றது நினைவிருக்கிறது. ஓரம் தெரியாத உலைக்குள் பட்டியலுக்கு வேலையே இல்லை. துளையின் உமிழ்திறன் ஒன்றுதான் உண்டு, அது ஏறத்தாழ 1. திருகை 1.0க்குத் திருப்பினேன். கருவியும் தெர்மோகப்பிளும் இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போயின. பட்டியல் பொய் சொல்லவில்லை. அதே இரும்புத் துண்டை வெளியே இழுத்துச் சம்மட்டியடியில் வைத்தபின் பார்த்தால் 0.8 சரிதான், அங்கே சுற்றியிருக்கும் சுவரெல்லாம் குளிர்ந்தவை, திருப்பி அனுப்ப ஒளி ஏதும் அதன்மேல் விழுவதில்லை. உள்ளே 1, வெளியே 0.8. துண்டு ஒன்றுதான், இடம்தான் மாறியது.

இங்கேயே நிறுத்திவிட்டால், துளை என்றாலே 1.0 வைத்துவிட்டால் போதும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அதுவும் தப்பு. பொந்து கரும்பொருளாக நடப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளே எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

சுவர் 1250 டிகிரியில் இருக்கிறது, இப்போதுதான் தள்ளிய துண்டு 1150க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளை வழியாகத் துண்டைப் பார்க்கிறோம். கரும்பொருள் அதே 1150இல் தரும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் துண்டு தானே உமிழ்கிறது. அதோடு, தன்னைவிடச் சூடான சுவரின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பியும் அனுப்புகிறது. நூறு டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் ஒரு மைக்ரானில் சுவரின் ஒளி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் திருகை 1.0இல் வைத்துப் பார்த்தால் கருவி 1175 என்கிறது, இருபத்தைந்து அதிகம். கையேட்டை நம்பி 0.8 வைத்தால் 1208 என்கிறது, ஐம்பத்தெட்டு அதிகம். திருத்தம் என்று நினைத்துச் செய்வது பிழையை இரட்டிப்பாக்குகிறது. துண்டு வேகுமுன்பே வெந்துவிட்டதாகக் கருவி சொல்லும். அதை நம்பி எடுத்தால் மேலே மஞ்சள், நடுவில் குறைச்சூடு. இந்த நிலையில் துண்டின் ஓரம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அண்ணனின் கேள்விக்கு ஒரு மதிப்பு இருந்தது. எந்த நேரத்தில் கருவியை நம்பலாம், எந்த நேரத்தில் கூடாது என்பதைக் கருவியில்லாமலே சொல்லும் சோதனை அது.

இதற்குப் பெரிய ஆலைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு முனை மூடிய சிலிக்கன் கார்பைடுக் குழாயை உலைக்குள் நீட்டி, மூடிய முனையைப் பொருளை ஒட்டி வைத்து, குழாயின் வாய் வழியாகப் பார்ப்பார்கள். குழாயின் நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்குக்குமேல் இருந்தால் அதன் அடி தனக்கென்று ஒரு பொந்தாகிவிடுகிறது. சுவரின் ஒளி உள்ளே நுழையாது, சுடரும் குறுக்கே வராது. சுடர் வேறொரு தொந்தரவு. எரியும் வாயுவில் உள்ள கரியமில வாயுவும் நீராவியும் சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை விழுங்கி உமிழும். அதனால் சுடருக்கு அப்பால் பார்க்க வேண்டியவர்கள் அந்த அலைநீளங்களைத் தவிர்த்து, 3.9 மைக்ரானில் பார்க்கும் கருவி வாங்குவார்கள்.

துளையின் வாயும் ஏமாற்றும். சுவர் முப்பது சென்டிமீட்டர் கனம். துளையின் உள்முனை 1200 டிகிரி, வெளிமுனை கை வைக்க முடியாத சூடு, அவ்வளவுதான். கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துவிட்டால் உலைக்குப் பதிலாகத் துளையின் பக்கச்செங்கலைப் பார்ப்போம், அளவு சரிந்துவிடும். உலைக்குள் அழுத்தம் குறைந்து துளை வெளிக்காற்றை உறிஞ்சினாலும் அப்படித்தான். துளை வாயில் ஒரு நூலைப் பிடித்து அது உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அளப்பேன்.

உலைச்சுவரின் ஒரு துளை இயற்பியலின் போக்கையே மாற்றியிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்கில் இருந்த அரசு அளவை நிறுவனத்துக்கு அன்று விளக்கு வெளிச்சத்தை அளக்க ஒரு தரம் தேவைப்பட்டது, வாயு விளக்கா மின்விளக்கா என்ற போட்டிக் காலம் அது. அதுவரை புகைக்கரி பூசிய தகடுகளைக் கரும்பொருளாக வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கரியும் முழுக் கறுப்பு இல்லை. 1895இல் வீனும் லும்மரும், தகட்டை விட்டுவிடுங்கள், சீராகச் சூடேற்றிய பொந்தில் ஒரு சிறு துளை போட்டு அதைப் பாருங்கள் என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் கிர்க்காஃப் சொன்னதைச் செய்து பார்க்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பிறகு லும்மரும் குர்ல்பாமும் மின்சாரத்தால் சூடேறும் குழாய்ப் பொந்தைச் செய்தார்கள். அந்தத் துளையிலிருந்து வந்த ஒளியை அலைநீளம் அலைநீளமாக அளந்தபோது, நீண்ட அலைகளில் அதுவரை இருந்த சூத்திரம் பொருந்தவில்லை. ரூபென்ஸும் குர்ல்பாமும் எடுத்த அந்த அளவுகளைக் கேட்டறிந்த மாக்ஸ் பிளாங்க், 1900 அக்டோபர் 19ஆம் தேதி புதிய சூத்திரத்தை முன்வைத்தார். மறுநாள் காலையே ரூபென்ஸ் வந்து எல்லா அளவும் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் பொருந்துகிறது என்று யோசித்ததில்தான் ஆற்றல் துண்டு துண்டாகக் கைமாறுகிறது என்ற முடிவுக்குப் பிளாங்க் வர வேண்டியதாயிற்று.

அளந்தது பிளாட்டினத்தின் ஒளியையோ பீங்கானின் ஒளியையோ என்றால் இந்த முடிவு கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அதில் பிளாட்டினத்தின் குணமும் பீங்கானின் குணமும் கலந்திருக்கும். துளையின் ஒளியில் செங்கலோ இரும்போ பீங்கானோ எதுவுமே இல்லை, சூடு மட்டும் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் உலக வெப்ப அளவுகோலில் 961.78 டிகிரிக்குமேல், அதாவது வெள்ளி உறையும் சூட்டுக்குமேல், ஒரு பொந்தின் ஒளியை வைத்துத்தான் சூட்டை வரையறுக்கிறார்கள். கிராஃபைட் மூசைக்குள் வெள்ளியையோ தங்கத்தையோ செம்பையோ உருக்கி, நடுவில் ஒரு குறுகிய பொந்தை இறக்கி, உலோகம் உறையத் தொடங்கும்போது பொந்தின் வாயைப் பார்ப்பார்கள். உறைந்து முடியும்வரை அந்தச் சூடு அசையாது. சுற்றிலும் ஒரே சூடு என்ற நிபந்தனையை உறையும் உலோகமே காப்பாற்றிக் கொடுக்கிறது.

அண்ணன் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றாயிற்று. போன மாதம் மகள் தன் வேலையிடத்திலிருந்து ஒரு வெப்பக் கேமராவைக் கொண்டு வந்தாள், மின்பலகைகளில் எந்தப் பாகம் சூடேறுகிறது என்று பார்க்கும் கருவி. அது கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகளில் பார்க்கிறது. அந்த அலைகளில் நம் ஊரின் முப்பது டிகிரியே ஒளிதான். எவர்சில்வர் குடத்தையும் பொங்கல் பானையையும் முற்றத்தில் வைத்து அதில் பார்த்தோம். மண்பானை முப்பது டிகிரி என்றது. குடமோ தன் சூட்டைச் சொல்லாமல் மேலே தெளிந்திருந்த அந்தி வானத்தைத் திருப்பிக் காட்டியது, பல டிகிரி குளிராக.

“ரெண்டும் ஒரே எடத்துலதானப்பா இருந்துச்சு?” என்றாள்.

அவளிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு, இரண்டையும் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு எடுத்துப் போனேன். சன்னல் இல்லாத சின்ன அறை. இரவு முழுவதும் உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். விடியற்காலையில் விளக்குப் போடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேமராவைத் தூக்கிப் பிடித்தேன். சுவர், அலமாரி, மண்பானை, குடம் எதற்கும் ஓரம் கிடையாது. முப்பது டிகிரியில் ஒரு உலை.

கொஞ்சம் நேரம் போனபின் குடத்தின் வயிறு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீண்டு வளைந்த ஒரு பிரகாசம் தெரிந்தது. கையை அசைத்தேன், அதுவும் அசைந்தது. அறையில் முப்பது டிகிரிக்குமேல் இருந்தது நான் ஒருவன்தான்.